சிறு நகரப் பாதாளச் சாக்கடை: வடிவமைப்புக் குறிப்பை ஒரே முறையில் தேற்றிவிட

காவிரிப் படுகையில் தட்டையாகக் கிடக்கும் ஒரு சிறு நகரத்துக்கு நான் எழுதிய முதல் வடிவமைப்புக் குறிப்பு மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்கள்: "இது குழாய் நிரம்பி ஓடும்போது இருக்கும் வேகம். இந்தத் தெருவில் குழாய் என்றைக்கு நிரம்பும்?" என்னிடம் பதில் இல்லை. முதன்முறையாகப் பாதாளச் சாக்கடைக் கோப்பைக் கையில் எடுத்திருப்பவருக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இதில் வரும் விதிகள் மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ. 2013-இல் வெளியிட்ட கழிவுநீர்க் கையேட்டை ஒட்டியவை. தமிழ்நாட்டில் கோப்பைச் சரிபார்ப்பவர் மேசையிலும் அதுதான் இருக்கும். கணக்குகள் எல்லாம் ஒரே தெருவைப் பற்றியவை. 240 மீட்டர் நீளம், கடைசி வரை வந்து சேரும் சந்துகளையும் சேர்த்து இன்று 600 பேர், முப்பது ஆண்டு கழித்து 900 பேர்.

1. முதலில் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வார்டு வாரியான மக்கள்தொகை, நகராட்சி இன்று உண்மையில் கொடுக்கும் குடிநீரின் அளவு, வருவாய்த் துறையின் புல வரைபடம், எந்தச் சாலை யாருக்குச் சொந்தம் என்ற பட்டியல், ஏற்கெனவே புதைந்திருக்கும் குடிநீர்க் குழாய்களின் தடம். இவற்றில் சாலைப் பட்டியலைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமான சாலை ஒன்று நடுவில் வந்தாலே வெட்டு அனுமதியும் சாலையைச் சீரமைக்கும் கட்டணமும் தனியாக வந்து நிற்கும். அந்தக் கடிதத்தை வடிவமைப்பு முடிந்த பிறகு எழுதாதீர்கள். தடம் முடிவான அன்றே எழுதிவிடுங்கள்.

மண் சோதனைக் குழிகளை மழைக்காலம் முடிந்த கையோடு தோண்டுங்கள். நான் மே மாதத்தில் தோண்டினேன். நிலத்தடி நீர் கண்ணில் படவே இல்லை. அதே இடத்தில் டிசம்பரில் ஒன்றரை மீட்டரில் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கும் செலவு, பக்கச் சுவர் சரியாமல் தாங்குவதற்கான செலவு இரண்டுமே முதல் மதிப்பீட்டில் இல்லை.

2. லெவல் எடுப்பது: சாலையோடு நிறுத்தாதீர்கள்

தெரு நடுவில் 30 மீட்டருக்கு ஒரு லெவல், திருப்பங்களிலும் சந்திப்புகளிலும் கூடுதலாக ஒன்று என்று எல்லோரும் எடுப்பார்கள். நான் தவறவிட்டது வீடுகளை. நம் ஊர்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது; பழைய வீடுகளின் தரை சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, நீளமான மனைகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும்.

எங்கள் தெருவின் தலைப்பில் இருந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தரை சாலையைவிட 30 செ.மீ. தாழ்வு. கொல்லையில் இருக்கும் முதல் தொட்டி தரைக்குக் கீழே 30 செ.மீ. அங்கிருந்து தெருக் குழாய் வரை 30 மீட்டர். வீட்டுக் குழாயை 60-க்கு 1 சரிவில் போட்டால் 50 செ.மீ. இறங்கும். கூட்டினால் 1.10 மீட்டர். ஆகவே தெருவின் முதல் மேன்ஹோலில் குழாயின் உள்ளடி மட்டத்தை, அதாவது இன்வர்ட் லெவலைச் சாலைக்குக் கீழே 1.20 மீட்டரில் வைத்தோம். 150 மி.மீ. குழாய்க்கு மேலே ஒரு மீட்டர் மண் மூடலும் கிடைத்துவிட்டது. வீடுகளை அளக்காமல் 0.90-இல் தொடங்கியிருந்தால் அந்த வீட்டுக்கு இணைப்பே கொடுக்க முடியாது. குழாய் புதைத்த பிறகுதான் அது தெரியவந்திருக்கும்.

லெவல் எடுக்கும் குழு கிலோமீட்டர் கணக்கில்தான் கூலி கேட்கும். வீட்டுத் தரையையும் தொட்டி மட்டத்தையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். விட்டுவிட்டால் அதே தெருக்களுக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டியிருக்கும். நான் கொடுத்தேன்.

3. ஓட்டத்தை இரண்டு தடவை கணக்கிடுங்கள்

பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்று வைத்துக்கொண்டு, அதில் 80 விழுக்காடு சாக்கடைக்கு வரும் என்று எடுப்பது வழக்கம். அதாவது 108 லிட்டர். 20,000 பேர் வரை உச்ச நேர ஓட்டம் சராசரியைப் போல 3 மடங்கு.

எங்கள் தெருவில் இன்று 600 பேர். 600 × 108 ÷ 86,400 = விநாடிக்கு 0.75 லிட்டர். மூன்றால் பெருக்கினால் உச்ச நேரத்தில் 2.25 லிட்டர். முப்பது ஆண்டு கழித்து 900 பேருக்கு, நிலத்தடி நீர்க் கசிவுக்குச் சராசரியில் பத்து விழுக்காடு சேர்த்து, 3.5 லிட்டர்.

இந்த இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு வேலைக்கு உரியவை. 3.5 என்பது குழாயின் அளவை முடிவு செய்ய. 2.25 என்பது சரிவை முடிவு செய்ய. நான் முதல் குறிப்பில் எதிர்கால ஓட்டத்தை மட்டுமே வைத்துக்கொண்டு இரண்டையும் முடித்துவிட்டேன். குழாய் புதைத்த மறுநாளிலிருந்தே அதில் மலமும் மணலும் ஓடப்போகின்றன என்பது ஏனோ தோன்றவில்லை.

இன்னொரு பொறி. உங்கள் ஊர் இன்று 135 லிட்டர் கொடுக்கிறதா? எங்கள் ஊர் 90 கொடுத்தது. அப்படியானால் இன்றைய உச்ச ஓட்டம் 2.25 இல்லை, 1.5 தான். போதாததற்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் பாதி வீடுகள்தான் இணைப்பு வாங்கும். கணக்கை 135-இல் போட்டாலும், 90-இல் என்ன வேகம் வரும் என்பதைப் பக்கத்தில் ஒரு பத்தியில் காட்டிவிடுங்கள். சரிபார்ப்பவர் அதைக் கட்டாயம் கேட்பார்.

4. சரிவும் வேகமும்

கையேடு கேட்பது: இன்றைய உச்ச ஓட்டத்தில் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையக்கூடாது. எதிர்கால உச்ச ஓட்டத்தில் 0.8 இருக்க வேண்டும். 3 மீட்டரைத் தாண்டக்கூடாது. எதிர்கால உச்சத்தில் தண்ணீர் குழாய் விட்டத்தின் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ஏறக்கூடாது. 3 மீட்டர் என்ற வரம்பு மலையூர்க்காரர்களின் கவலை. தட்டை நிலத்தில் அதை நினைக்கவே வேண்டாம்.

0.6 ஏன் என்பதைப் பக்கத்து ஊரில் பார்த்தேன். தெருத் தலைப்பில் ஒரு மூடியைத் திறந்தார்கள். தண்ணீர் இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது, ஓடவில்லை. உள்ளே விட்டெடுத்த குச்சியில் மேலே ஈரம், கீழே ஒரு சாண் கறுத்த சேறு. அந்தக் குழாய் வரிசைக்கும் கோப்பில் வேகம் 0.7 என்றுதான் எழுதியிருந்தது.

கணக்கு மேனிங் சூத்திரத்தில். V வேகம், n குழாய் உட்புறத்தின் சொரசொரப்பு, R நீரியல் ஆரம், S சரிவு, D குழாய் விட்டம், Q ஓட்டம், A குறுக்குப் பரப்பு:

```
V = (1/n) * R^(2/3) * S^(1/2)
R = D/4      (full pipe)
Q = V * A
```

மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள ஊருக்குக் கையேடு அனுமதிக்கும் குறைந்தபட்சக் குழாய் 150 மி.மீ. பிளாஸ்டிக் குழாய்க்கு n = 0.011. என் முதல் குறிப்பில் ஊர் முழுவதும் 200-க்கு 1 என்று ஒரே சரிவைப் போட்டிருந்தேன். அதற்கு நிரம்பிய வேகம் 0.72, நிரம்பிய ஓட்டம் விநாடிக்கு 12.7 லிட்டர். 0.6-ஐத் தாண்டிவிட்டதே என்று மகிழ்ந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன்.

ஆனால் தெருவில் ஓடுவது 2.25 லிட்டர். நிரம்பிய ஓட்டத்தில் அது 0.18 பங்கு. குழாய் நிரம்பாதபோது வேகம் என்ன ஆகிறது என்பதற்கு இந்தச் சிறு அட்டவணை போதும். d/D தண்ணீரின் ஆழம், q/Q ஓட்டத்தின் பங்கு, v/V வேகத்தின் பங்கு:

```
d/D    q/Q     v/V
0.20   0.088   0.62
0.25   0.137   0.70
0.30   0.196   0.78
0.40   0.337   0.90
0.50   0.500   1.00
0.80   0.977   1.14
```

0.18 பங்கு ஓட்டத்துக்கு வேகம் 0.75 பங்கு. 0.72-ஐ அதனால் பெருக்கினால் 0.54. தேறவில்லை. பென்சில் கேள்வியின் பொருள் இதுதான்.

சரிவை 150-க்கு 1 ஆக்கினேன். நிரம்பிய வேகம் 0.83, ஓட்டம் 14.7 லிட்டர். 2.25 லிட்டர் அதில் 0.153 பங்கு, வேகம் 0.72 பங்கு, கிடைப்பது 0.60. தண்ணீர் 40 மி.மீ. ஆழத்தில் ஓடும். மிச்சமே இல்லாமல் தேறியது. ஊர் கொடுக்கும் 90 லிட்டரில் பார்த்தால் இது 0.53 ஆகிவிடும்.

எதிர்கால 3.5 லிட்டருக்கு இதே சரிவில் 0.68 தான் வருகிறது. கையேடு கேட்பதோ 0.8. அதை எட்ட வேண்டுமென்றால் சரிவு ஏறக்குறைய 97-க்கு 1 ஆக வேண்டும். தெரு முடிவில் குழாய் 87 செ.மீ. கூடுதலாக இறங்கிவிடும். அந்த 87 செ.மீ. அங்கேயே நிற்காது, கீழே உள்ள ஒவ்வொரு வரிசையையும் உந்து நிலையம் வரை தள்ளிக்கொண்டே போகும். நான் 150-க்கு 1 என்றே வைத்துக்கொண்டு, மேல்முனை வரிசைகளில் 0.8 எட்டவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதி, அவற்றின் பட்டியலையும் ஜெட் இயந்திரத்தால் அலசும் கால அட்டவணையையும் இணைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். ஒளித்திருந்தால் மறுபடியும் திரும்பி வந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நான் எல்லாத் தெருவுக்கும் போட்ட அந்த 200-க்கு 1 சரிவு கீழே உள்ள முதன்மை வரிசைக்குப் பொருந்திவிட்டது. அதில் இன்று 2,000 பேர், நாளை 3,000 பேர். இன்றைய உச்சம் 7.5 லிட்டர்: வேகம் 0.75. எதிர்காலம் 11.6 லிட்டர்: வேகம் 0.82, தண்ணீர் முக்கால் குழாய். அதே 150 மி.மீ. குழாய், அதே சரிவு; ஓட்டம்தான் வேறு. ஆகவே தலைப்பில் கூடுதல் சரிவில் தொடங்கி, ஓட்டம் சேரச் சேரச் சரிவைத் தளர்த்திக்கொண்டே போங்கள். ஒரே சரிவை ஊர் முழுக்கப் போட்டால் மேல்முனை அடைக்கும், கீழ்முனையில் பணம் வீணாகும்.

"பாதுகாப்புக்காக" ஒரு அளவு பெரிய குழாய் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்த முதன்மை வரிசையில் 200 மி.மீ. குழாயை 300-க்கு 1 சரிவில் போட்டுப் பார்த்தேன். இன்று 0.64, எதிர்காலத்தில் 0.72. ஆழம் குறைகிறது, உண்மைதான், ஆனால் 0.8 போய்விட்டது, குழாய் விலையும் ஏறிவிட்டது. பெரிய குழாய் என்பது மெதுவான குழாயாகவும் இருக்கலாம்.

கடைசியாக, n-ஐக் குறிப்பில் தடித்த எழுத்தில் எழுதுங்கள். டெண்டர் கட்டத்தில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கான்கிரீட் குழாய் என்று மாற்றினால் n 0.013 ஆகும், எங்கள் தெருவின் 0.60 அன்றே 0.53 ஆகிவிடும். குழாயை மாற்றுகிறவர் சரிவு அட்டவணையையும் மாற்ற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

5. மேன்ஹோல் இடைவெளி

ஆள் நுழைய முடியாத சிறு குழாய்களுக்கு நேர்கோட்டில் 30 மீட்டருக்கு ஒன்று. அத்துடன் தலைப்பில், திருப்பத்தில், சரிவு மாறும் இடத்தில், குழாய் அளவு மாறும் இடத்தில், கிளை சேரும் இடத்தில் கட்டாயம் ஒன்று. இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே குழாய் வளையவே கூடாது. விளக்கொளியை ஒரு முனையில் காட்டினால் மறுமுனையில் தெரிய வேண்டும்.

எங்கள் தெருவில் 240 மீட்டருக்கு 9 வந்தது. இடைவெளிக்கு இடைவெளி குழாய் 20 செ.மீ. இறங்குகிறது, தெருவோ மொத்தமாக 30 செ.மீ. தான் சரிகிறது. எனவே 1.20-இல் தொடங்கிய ஆழம் ஒன்பதாவதில் 2.50 ஆகிறது. மேன்ஹோலின் உள்விட்டம் ஆழத்தைப் பொறுத்தது: 1.65 மீட்டர் வரை 900 மி.மீ., 2.30 வரை 1,200, அதற்கு மேல் 1,500. ஆக முதல் மூன்று சிறியவை, அடுத்த நான்கு நடுத்தரம், கடைசி இரண்டு பெரியவை. மூன்று வகைக்கும் விலை வேறு. மதிப்பீட்டில் "மேன்ஹோல் 9" என்று ஒரே வரியில் போடாதீர்கள்.

எண்ணிக்கையை நீளத்தை 30-ஆல் வகுத்துப் போடுவதும் தப்பு. 14 கிலோமீட்டருக்கு 467 என்று வகுத்து எழுதினேன். வரைபடத்தில் தெருத் தெருவாக வைத்துப் பார்த்தால் 540. சந்துகளும் கோணல் திருப்பங்களும் அந்த வித்தியாசத்தைத் தின்றிருந்தன.

கிளைக் குழாய் முதன்மைக் குழாயைவிட 60 செ.மீ.க்கு மேல் உயரத்தில் வந்து சேர்ந்தால், தண்ணீர் அருவிபோல் விழாமல் வெளியே ஓர் இறங்குகுழாய் வைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். இதுவும் தனி விலை. சிறிய குழாய் பெரியதில் சேரும்போது அடிமட்டங்களை ஒன்றாக வைக்காமல் மேல்விளிம்புகளை ஒன்றாக வையுங்கள், 150 மி.மீ. குழாய் 200-இல் சேர்ந்தால் அடியில் 5 செ.மீ. வித்தியாசம் வரும். வைக்காவிட்டால் பெரிய குழாயின் தண்ணீர் சின்னக் குழாய்க்குள் ஏறி நிற்கும்.

மேன்ஹோல் என்ற பெயர் இருந்தாலும் அதில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யும் திட்டத்தைக் குறிப்பில் எழுத முடியாது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் ஜெட் வண்டி எங்கே நிற்கும் என்று பாருங்கள். வண்டி நுழையாத சந்துகளின் பட்டியலைத் தனியே கொடுங்கள். சிறிய வண்டி வாங்குவதற்கான செலவு அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும்.

6. ஆழத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போங்கள்

எல்லா வரிசைகளையும் போட்டு முடித்ததும் நெடுக்குவெட்டுப் படத்தை மேசையில் விரித்து, ஆழம் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். செலவின் பெரும்பகுதி குழாயில் இல்லை, பள்ளத்தில். எங்கள் தெருவில் சராசரிப் பள்ளம், குழாய்க்குக் கீழ்ப் படுகையோடு சேர்த்து 2 மீட்டர், 75 செ.மீ. அகலத்துக்கு 360 கன மீட்டர் மண். 97-க்கு 1 சரிவில் இது 440 கன மீட்டர் ஆகியிருக்கும். அதோடு, ஆழம் கூடக் கூட ஒரே கன மீட்டருக்கு வீதமும் உயரும்; தண்ணீர் ஊறும் மண்ணில் பக்கத் தாங்கலும் இறைப்பும் சேரும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் விலைப்பட்டியலில் ஆழ வாரியான வீதத்தைப் பார்த்து, மண் அளவையும் ஆழ வாரியாகவே பிரித்துக் கொடுங்கள். நடப்பு ஆண்டின் பட்டியலா என்று இரண்டு முறை பாருங்கள். நிதியாண்டு மாறிய கையோடு கோப்புப் போனால் மதிப்பீடு முழுவதும் மறுபடி.

நாங்கள் 5 மீட்டரை வரம்பாக வைத்துக்கொண்டோம். அதைத் தாண்டுகிற இடத்தில் இரண்டு வழி: தடத்தைத் திருப்பி இன்னொரு வரிசையில் சேர்ப்பது அல்லது நடுவில் கழிவுநீரைப் பம்பால் மேலே ஏற்றும் தூக்கு நிலையம் வைப்பது. தூக்கு நிலையத்துக்கு இடம், மின்சாரம், ஆள் மூன்றும் காலமெல்லாம் வேண்டும். அதனால் முதலில் தடத்தைத் திருப்பிப் பாருங்கள். எங்களுக்கு ஒரு தெருவின் ஓட்டத் திசையை மாற்றியதாலேயே ஒரு தூக்கு நிலையம் குறைந்தது.

7. கோப்பைக் கட்டும் வரிசை

முதல் பக்கத்தில் எடுத்துக்கொண்ட எண்கள்: மக்கள்தொகை, ஆளுக்கு லிட்டர், உச்ச மடங்கு, கசிவு, n. இரண்டாவதாக வரிசை வாரியான அட்டவணை. அதில் நிரம்பிய வேகத்துக்கு ஒரு பத்தி, இன்றைய உச்ச வேகத்துக்கு ஒன்று, எதிர்கால உச்ச வேகத்துக்கு ஒன்று, மேல் கீழ் இன்வர்ட் லெவல், மேல் கீழ் ஆழம். மூன்றாவதாக நெடுக்குவெட்டுப் படங்கள். நான்காவதாக வேகம் எட்டாத வரிசைகளின் பட்டியலும் அலசும் அட்டவணையும். ஐந்தாவதாக ஆழ வாரியான அளவுகளும் மதிப்பீடும். அனுமதிக் கடிதங்களின் நகல் கடைசியில்.

காலம்: எங்கள் 14 கிலோமீட்டருக்கு லெவல் எடுக்க ஐந்து வாரம், கணக்கும் படமும் நான்கு வாரம், சரிபார்ப்புக்குப் போய் வர மூன்று வாரம் ஆனது. சாலை வெட்டு அனுமதி மட்டும் ஐந்து மாதம். அட்டவணையை அனுப்பும் முன்பு ஒரு வேலை செய்யுங்கள்: ஒவ்வொரு வரிசையின் கீழ்முனை இன்வர்ட்டும் அது சேரும் வரிசையின் மேல்முனை இன்வர்ட்டும் பொருந்துகின்றனவா என்று விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள். என் இரண்டாவது குறிப்பில் ஓரிடத்தில் கிளை, முதன்மைக் குழாயைவிட 12 செ.மீ. தாழ்வாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அனுப்புவதற்கு முந்தின இரவு அது கண்ணில் பட்டது.